ஒரே செல்லில் காற்புள்ளியிட்ட பட்டியல்: n-ஆவது பெயரை எடுப்பதும் மொத்தம் எத்தனை என்று எண்ணுவதும்

கேள்வி: எக்செலில் ஒவ்வொரு வரியிலும் ஒரே செல்லுக்குள் காற்புள்ளி போட்டுப் பல பெயர்கள் இருக்கின்றன. அதில் நான் சொல்லும் எண்ணுக்குரிய பெயரை மட்டும் எடுக்க வேண்டும். மொத்தம் எத்தனை பெயர்கள் என்றும் தெரிய வேண்டும். எங்களிடம் இருப்பது பழைய எக்செல்தான். 100 என்ற எண்ணை வைத்து எழுதிய ஒரு ஃபார்முலா கிடைத்தது. அது பல வரிகளில் சரியாக வருகிறது, சில வரிகளில் வெற்றாகவோ வேறு பெயராகவோ வருகிறது. ஏன்?

பதில்:

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம், அது எளிது. எக்செலுக்குப் பெயர்களை எண்ணத் தெரியாது. ஆனால் எழுத்துகளை எண்ணத் தெரியும். எனவே காற்புள்ளிகளோடு ஒரு முறையும், காற்புள்ளிகளை நீக்கிவிட்டு ஒரு முறையும் நீளத்தை அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காற்புள்ளிகளின் எண்ணிக்கை. நான்கு பெயர்களுக்கு இடையே மூன்று காற்புள்ளிகள்தான் இருக்கும் என்பதால் அதனுடன் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

```
=IF(TRIM(A2)="",0,LEN(A2)-LEN(SUBSTITUTE(A2,",",""))+1)
```

முன்னால் உள்ள IF இல்லாவிட்டால் வெற்றுச் செல்லுக்கும் 1 என்று விடை வரும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கடைசியில் மொத்தத்தைக் கூட்டும்போது எங்கோ சில அதிகமாக வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இனி பெயரை எடுப்பது. A2-இல் `நீலம்,கருப்பு,பச்சை,மஞ்சள்` என்று இருக்கிறது, எத்தனையாவது பெயர் வேண்டும் என்ற எண் D1-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைத்த ஃபார்முலாவின் சரியான வடிவம் இது.

```
=TRIM(MID(SUBSTITUTE(A2,",",REPT(" ",LEN(A2))),
 ($D$1-1)*LEN(A2)+1,LEN(A2)))
```

இது என்ன செய்கிறது என்பதை ஒரு முறை கையால் கணக்கிட்டுப் பார்த்துவிட்டால், 100 வைத்த வடிவம் ஏன் தவறுகிறது என்பது தானாக விளங்கிவிடும். LEN தமிழில் நாம் எழுத்து என்று சொல்வதை எண்ணுவதில்லை; அகர உயிர்மெய், கால், கொம்பு, புள்ளி எனக் கணினியில் தனித்தனியாகப் பதிவாகும் குறிகளை எண்ணுகிறது. அந்தக் கணக்கில் நீலம் 5, கருப்பு 7, பச்சை 5, மஞ்சள் 6. மூன்று காற்புள்ளிகளையும் சேர்த்தால் மொத்த நீளம் 26. (எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலே பயன்படுவதால், தமிழ்ப் பட்டியலுக்கு என்று தனியாக எதையும் மாற்ற வேண்டியதில்லை.)

SUBSTITUTE ஒவ்வொரு காற்புள்ளியையும் எடுத்துவிட்டு அங்கே 26 இடைவெளிகளை நிரப்புகிறது. பெயர்கள் இப்போது ஒன்றுக்கொன்று வெகு தூரம் விலகிவிடுகின்றன. D1-இல் 3 இருந்தால், MID 53-ஆவது இடத்தில் தொடங்கி 26 குறிகளை, அதாவது 78-ஆவது இடம் வரை, வெட்டியெடுக்கும். பச்சை எங்கே இருக்கிறது? அதற்கு முன்னால் 5 + 7 குறிகளும் இரண்டு 26 இடைவெளிகளும் இருப்பதால் அது 65 முதல் 69 வரை இருக்கிறது. கருப்பு 38-உடன் முடிந்துவிட்டது. மஞ்சள் 96-இல்தான் தொடங்குகிறது. வெட்டியெடுத்த துண்டில் 12 இடைவெளிகள், பச்சை, மீண்டும் 9 இடைவெளிகள் இருக்கும். TRIM இரண்டு பக்க இடைவெளிகளையும் நீக்கிவிட, பச்சை மட்டும் மிஞ்சுகிறது. காற்புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்திருந்தாலும் அதே TRIM அதையும் நீக்கிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, வெட்டும் இடங்கள் நிலையானவை என்பதும் பெயர்கள் இருக்கும் இடங்கள் நகர்பவை என்பதும்தான். வெட்டு 1, 27, 53, 79 என்று சீராகப் போகிறது. பெயர்களோ, தமக்கு முன்னால் உள்ள பெயர்களின் நீளம் கூடக்கூட, அந்தச் சீரான இடத்திலிருந்து வலப்பக்கம் சரிந்துகொண்டே போகின்றன. முதல் பெயர் துண்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது, மூன்றாவது பெயர் 12 இடம் தள்ளி இருக்கிறது. எல்லாப் பெயர்களின் நீளத்தையும் கூட்டினாலும் மொத்த நீளமான 26-ஐத் தாண்ட முடியாது என்பதால், துண்டின் அகலமும் 26 ஆக இருக்கும் வரை எந்தப் பெயரும் தன் துண்டைவிட்டு வெளியே போகாது. LEN(A2) என்று எழுதுவதன் காரணம் இதுதான்.

அந்த இடத்தில் 100 என்று எழுதியவர், எந்தப் பெயரும் 100 குறிகளுக்கு மேல் போகாது, ஆகவே பாதுகாப்பானது என்று எண்ணியிருப்பார். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் தனிப் பெயரின் நீளம் இங்கே பொருட்டல்ல. நீங்கள் கேட்கும் பெயர் வரையிலான கூட்டு நீளம் 100-க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்தே எழுத்துள்ள 30 குறியீடுகள் ஒரு செல்லில் இருப்பதாகக் கொள்ளுங்கள். இருபதாவது வரை எல்லாம் சரியாக வரும், ஏனென்றால் 20 × 5 = 100. இருபத்தொன்றாவதைக் கேட்டால் MID 2001 முதல் 2100 வரை வெட்டும். அந்தக் குறியீடோ 2101-இல் தொடங்குகிறது. விடை வெற்று. இருபத்திரண்டாவதைக் கேட்டால் வெட்டு 2101-இல் தொடங்கும். அங்கே இருப்பது இருபத்தொன்றாவது குறியீடு. அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதற்கு முந்தையதே வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

பெயர்கள் ஒரே நீளத்தில் இல்லாதபோது இன்னொரு விதமாகவும் தவறும். கூட்டு நீளம் ஒரு பெயரின் நடுவில் 100-ஐத் தாண்டினால், அந்தப் பெயரின் தலைப்பகுதி ஓர் எண்ணுக்கும் வால்பகுதி அடுத்த எண்ணுக்கும் விடையாக வரும். உங்கள் வரிகளில் அரைகுறைப் பெயர்கள் ஏதேனும் கண்ணில் பட்டால் காரணம் இதுவே. சோதிப்பது எளிது: தவறான வரிகளில் `LEN(A2)` எவ்வளவு என்று பாருங்கள். அவை எல்லாமே 100-க்கு மேல் இருக்கும்.

அப்படியானால் 999 என்று போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறொரு சுவர் இருக்கிறது. எக்செலில் ஒரு செல்லோ ஒரு ஃபார்முலாவின் இடைநிலை விடையோ 32,767 குறிகளுக்கு மேல் தாங்காது. ஒரு காற்புள்ளிக்கு 999 இடைவெளி என்றால் 33 காற்புள்ளிகளுக்கே 32,967 ஆகிவிடுகிறது. அதாவது 34 பெயர்கள் இருந்தாலே `#VALUE!` வரும். LEN(A2) வடிவத்துக்கும் இந்தச் சுவர் உண்டு, ஆனால் சற்றுத் தள்ளி இருக்கிறது: ஐந்தெழுத்துக் குறியீடுகள் 74 வரை வேலை செய்யும், 75 ஆனால் `#VALUE!` வரும். இதில் ஒரு நன்மை, தவறான விடையைச் சரியான விடைபோலக் காட்டாமல் இது பிழை என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

பட்டியல்கள் அவ்வளவு நீளமாக இருந்தால், இடைவெளியால் ஊதிப் பெருக்கும் வழியை விட்டுவிட்டு, n-ஆவது காற்புள்ளி எங்கே இருக்கிறது என்று நேரடியாகத் தேடுங்கள். SUBSTITUTE-க்கு நான்காவதாக ஓர் எண்ணைக் கொடுக்கலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. கொடுத்தால் எல்லாக் காற்புள்ளிகளையும் மாற்றாமல் அந்த எண்ணுக்குரிய ஒன்றை மட்டும் மாற்றும். ஃபார்முலாவை இரண்டு துணைச் செல்களில் பிரித்து எழுதினால் படிக்கவும் எளிது. E2-இல் தொடக்கம், F2-இல் முடிவு, G2-இல் விடை:

```
E2: =FIND("|",SUBSTITUTE(","&A2,",","|",$D$1))
F2: =FIND("|",SUBSTITUTE(A2&",",",","|",$D$1))
G2: =TRIM(MID(A2,E2,F2-E2))
```

முன்னால் ஒரு காற்புள்ளியை ஒட்டினால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு காற்புள்ளி இருக்கும். பின்னால் ஒட்டினால் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒன்று இருக்கும். நம் நான்கு நிறங்களில் மூன்றாவதைக் கேட்டால் E2 15 என்றும் F2 20 என்றும் காட்டும். 15-ஆவது இடத்திலிருந்து 5 குறிகள் எடுத்தால் பச்சை. முன்னால் ஒட்டிய காற்புள்ளி எல்லாவற்றையும் ஓரிடம் தள்ளிவிடுவதால், அங்கே கிடைத்த எண்ணே A2-இல் பெயரின் முதல் எழுத்து இருக்கும் இடமாக அமைந்துவிடுகிறது. தனியாக ஒன்றைக் கூட்ட வேண்டியதில்லை. `|` என்ற குறி உங்கள் பட்டியலில் எங்கும் வரக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

எனக்கு இந்த வழியே பிடிக்கும், அதற்கு நீளம் மட்டும் காரணமல்ல. நான்கு பெயர்களே உள்ள செல்லில் ஐந்தாவதைக் கேட்டால் முதல் வழி பேசாமல் வெற்று விடை தரும். இந்த வழி `#VALUE!` தரும். வெற்று விடை வந்தால், ஐந்தாவது இடமே இல்லையா, அல்லது இடம் இருந்தும் அதில் எதுவும் எழுதப்படவில்லையா என்று உங்களுக்குத் தெரியாது. இந்த வேறுபாடு தெரிவது எவ்வளவு அவசியம் என்பதை அடுத்த சிக்கல் காட்டும்.

இதுவரை பட்டியல் ஒழுங்காக இருப்பதாகவே பேசினோம். நடைமுறையில் செல்லில் இருப்பது இப்படித்தான் இருக்கும்: `நீலம், இளம் பச்சை, , மஞ்சள்,` யாரோ ஒரு பெயரை அழித்துவிட்டுக் காற்புள்ளியை விட்டுவிட்டார், இன்னொருவர் கடைசியிலும் ஒரு காற்புள்ளி போட்டுவிட்டார். எண்ணும் ஃபார்முலா இங்கே 5 என்று சொல்லும், கண்ணால் எண்ணினால் 3. மூன்றாவதைக் கேட்டால் வெற்று, நான்காவதைக் கேட்டால் மஞ்சள்.

இது ஃபார்முலாவின் பிழை அல்ல. வெற்றிடமும் ஓர் இடம்தானா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது இடம் எப்போதும் ஒரே பொருளைக் குறிக்கும் என்றால், உதாரணமாக முதலாவது பெயர், இரண்டாவது துறை, மூன்றாவது ஊர் என்ற வகையில், வெற்றிடத்தை நீக்கவே கூடாது. நீக்கினால் அடுத்தவை முன்னால் நகர்ந்து தவறான இடத்தில் உட்கார்ந்துவிடும். வெறும் பெயர்ப் பட்டியல் என்றால் நீக்கிவிடலாம். எப்படி முடிவு செய்தாலும், எண்ணும் ஃபார்முலாவும் எடுக்கும் ஃபார்முலாவும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும். எண்ணும்போது வெற்றை விட்டுவிட்டு, எடுக்கும்போது அதையும் கணக்கில் சேர்த்தால், 3 பெயர்கள் என்று சொல்லிவிட்டு மூன்றாவதாக வெற்றைக் காட்டும் ஷீட் ஒன்று உருவாகும். நான் பார்த்த குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

இதைத் தவிர்க்கச் சிறந்த வழி, இரண்டு ஃபார்முலாக்களிலும் தனித்தனியாகச் சுத்தம் செய்யாமல், B நெடுவரிசையில் ஒரே ஒரு முறை சுத்தம் செய்துவிட்டு, மற்ற எல்லா ஃபார்முலாக்களிலும் A2-க்குப் பதில் B2-ஐக் காட்டுவது.

```
=SUBSTITUTE(SUBSTITUTE(TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(
 SUBSTITUTE(TRIM(A2),", ",",")," ","|"),
 ","," "))," ",","),"|"," ")
```

உள்ளிருந்து வெளியே படியுங்கள். காற்புள்ளியை அடுத்த இடைவெளி நீங்குகிறது. பெயருக்கு நடுவில் உள்ள இடைவெளி, அதாவது `இளம் பச்சை` என்பதில் உள்ளது, தற்காலிகமாக `|` ஆகிறது. பிறகு காற்புள்ளிகள் இடைவெளிகளாகின்றன. TRIM முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்குவதோடு, நடுவில் அடுத்தடுத்து இருப்பவற்றையும் ஒன்றாகச் சுருக்கும் என்பதால், வெற்றிடங்கள் எல்லாம் அந்த ஓர் அடியில் மறைந்துவிடுகின்றன. கடைசியில் இடைவெளிகள் மீண்டும் காற்புள்ளிகளாகவும், `|` மீண்டும் இடைவெளியாகவும் மாறுகின்றன. விடை: `நீலம்,இளம் பச்சை,மஞ்சள்`. எண்ணினால் 3, மூன்றாவது மஞ்சள்.

சுத்தம் செய்த பிறகும் ஒரு பெயர் மட்டும் தேடலில் அகப்படவில்லை என்றால், கண்ணுக்கு இடைவெளியாகத் தெரியும் வேறொரு குறி அதில் ஒட்டியிருக்கக்கூடும். வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுத்த உரையில் இது அடிக்கடி வரும். சாதாரண இடைவெளியின் எண் 32, இதன் எண் 160. TRIM 32-ஐ மட்டுமே நீக்கும். சந்தேகம் உள்ள விடையில் `=UNICODE(RIGHT(G2))` என்று கேளுங்கள். 160 என்று வந்தால், மேலே உள்ள ஃபார்முலாவில் A2 வரும் இடத்தில் `SUBSTITUTE(A2,UNICHAR(160)," ")` என்று எழுதினால் போதும். இந்த இரண்டு செயல்களும் எக்செல் 2013 முதல் உள்ளன.

இன்னொன்று, பட்டியல் எண்களாக இருக்கும்போது நேர்வது. `101,202,303` என்று சாதாரணச் செல்லில் தட்டினால், எக்செல் காற்புள்ளிகளை ஆயிரப் பிரிப்பாக எடுத்துக்கொண்டு அதைப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஒரே எண்ணாக மாற்றிவிடும் (ஆயிரப் பிரிப்புக்குக் காற்புள்ளியைப் பயன்படுத்தும் அமைப்பு உள்ள கணினிகளில்). திரையில் காற்புள்ளிகள் தெரியும், உள்ளே இருக்காது. எண்ணினால் 1 வரும். செல்லைத் தேர்ந்தெடுத்து ஃபார்முலா பட்டையைப் பாருங்கள்; அங்கே 101202303 என்று இருந்தால் மேலே சொன்ன ஃபார்முலாக்கள் எதுவும் உதவாது. செல்களை முதலில் Text வடிவத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி தட்டுவதே நம்பகமான வழி. ஒழுங்காக உரையாகவே இருந்த பட்டியலிலிருந்து 202-ஐ எடுத்தாலும், கையில் கிடைப்பது உரைதான். SUM அதைக் கூட்டாது, எண்களாக உள்ள பட்டியலில் VLOOKUP அதைத் தேடிக் காணாது. கணக்குக்கு வேண்டுமானால் VALUE-க்குள் போடுங்கள். 007 போன்ற குறியீடு என்றால் போடாதீர்கள், முன்னால் உள்ள சுழியங்கள் போய்விடும்.

பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருக்கும் பட்டியல்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. எது பிரிக்கும் காற்புள்ளி, எது பெயரின் பகுதி என்று ஃபார்முலாவுக்குத் தெரியாது. தரவு வரும் இடத்திலேயே அரைப்புள்ளி போன்ற வேறொரு பிரிப்புக்குறிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்செல் 2024 உங்களுக்கு வரும் நாளில் இதெல்லாம் சுருங்கிவிடும். எக்செல் 2021-இல் TEXTSPLIT இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

```
=TRIM(INDEX(TEXTSPLIT(A2,","),$D$1))
=IF(TRIM(A2)="",0,COLUMNS(TEXTSPLIT(A2,",")))
```

இல்லாத இடத்தைக் கேட்டால் இது `#REF!` என்று சொல்லும். D1 வெற்றாக இருந்தாலோ 0 ஆக இருந்தாலோ INDEX பட்டியல் முழுவதையும் தந்துவிடும்; அடுத்தடுத்த செல்களில் பெயர்கள் சிதறிக் கிடந்தால் முதலில் D1-ஐப் பாருங்கள். வெற்றிடங்களை விட்டுவிட `TEXTSPLIT(A2,",",,TRUE)` என்று எழுதலாம், ஆனால் காற்புள்ளிகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி இருந்தாலும் அதை வெற்று என்று இது கருதாது. ஆகவே அங்கேயும் B2-இல் சுத்தம் செய்த உரையைக் கொடுப்பதே நல்லது.

அதே கோப்பை யாராவது கூகுள் ஷீட்ஸில் திறந்து SPLIT கொண்டு செய்ய முயன்றால், அது கேட்காமலேயே வெற்றிடங்களை நீக்கிவிடும், 007-ஐ 7 ஆக்கிவிடும். `", "` என்று காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்த பிரிப்பைக் கொடுத்தால் இரண்டிலும் தனித்தனியாக உடைத்து, இளம் பச்சையை இரண்டு பெயர்களாக்கிவிடும். உடைப்பதும் நீக்குவதும் உங்கள் விருப்பப்படி நடக்க இப்படி எழுத வேண்டும்:

```
=TRIM(INDEX(SPLIT(A2,",",FALSE,FALSE),1,$D$1))
```

மேலே E2, F2, G2 என்று பிரித்து எழுதிய வழி ஷீட்ஸிலும் ஒரு எழுத்துகூட மாறாமல் வேலை செய்யும். கோப்பு இரண்டு இடத்திலும் புழங்குமானால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.